முட்டையிட்ட பாலூட்டியும் இடம் மாறிய வரையறையும்

பாலூட்டிகள் முட்டையிடுவதில்லை என்று ஒருவர் சொல்கிறார். ஆஸ்திரேலிய ஆறுகளில் வாழும் பிளாட்டிபஸ் தன் குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது, ஆனால் முட்டையிடுகிறதே என்று மற்றொருவர் கேட்கிறார். ‘அப்படியானால் அது உண்மையான பாலூட்டி அல்ல’ என்று முதலாமவர் பதில் சொல்கிறார். அவர் சொன்ன விதி உடையாமல் தப்பிவிட்டதாகத் தோன்றுகிறது. அது எந்த விலை கொடுத்துத் தப்பியது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

இந்த உத்திக்குப் பெயர் வைத்தவர் ஆன்டனி ஃப்ளூ என்னும் ஆங்கிலேய மெய்யியலாளர். 1975-இல் அவர் எழுதிய ஒரு சிறு கதையில், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த கொடிய குற்றத்தைப் பற்றி நாளிதழில் படித்துவிட்டு, எந்த ஸ்காட்லாந்துக்காரனும் இப்படிச் செய்யமாட்டான் என்று உறுதியாகச் சொல்கிறார். மறுநாள் அதே நாளிதழில், ஸ்காட்லாந்தின் அபர்டீனைச் சேர்ந்த ஒருவன் அதைவிடக் கொடிய குற்றத்தைச் செய்த செய்தி வருகிறது. தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வதற்கு மாறாக, ‘உண்மையான ஸ்காட்லாந்துக்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான்’ என்று அவர் திருத்திக்கொள்கிறார். ‘உண்மையான’ என்ற ஒரே ஒரு சொல்தான் கூடியிருக்கிறது. ‘உண்மையான ஸ்காட்லாந்துக்காரன்’ என்றே இந்த உத்திக்குப் பெயர் நின்றுவிட்டது.

அந்தச் சொல் செய்யும் வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் நாள் அவர் சொன்னது உலகத்தைப் பற்றிய ஒரு செய்தி. ஸ்காட்லாந்துக்காரர் யார் என்பதைப் பிறப்பிடத்தையோ குடும்பத்தையோ வைத்து முதலில் முடிவுசெய்துவிட்டு, பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கலாம். பார்த்தால் அந்தச் செய்தி பொய்யாகவும் கூடும். மறுநாள் சொன்னது அப்படிப்பட்டதல்ல. குற்றம் செய்பவன் அந்தக் குழுவில் சேரவே மாட்டான் என்று ஆகிவிட்டதால், போய்ப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கண்டறிய வேண்டியிருந்த ஒரு பண்பு, ஓசையில்லாமல் குழுவின் வரையறைக்குள் குடியேறிவிட்டது. குழுவின் பெயர் மட்டும் மாறவில்லை என்பதால், கேட்பவர் பழைய செய்தியே இன்னும் நிற்கிறது என்று நம்பிவிடுகிறார்.

இது கற்பனைக் கதையில் மட்டும் நடப்பதல்ல என்பதைக் காட்ட பிளாட்டிபஸின் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் பதப்படுத்திய தோல் இங்கிலாந்துக்கு வந்தபோது, 1799-இல் அதை விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை யாரோ ஒரு விலங்கின் தலையில் ஒட்டவைத்திருக்கிறார்களோ என்று ஐயுற்றார். ஒட்டுவேலை இல்லை என்பது தெளிவானதும் அதைவிடக் கடினமான கேள்வி எழுந்தது. உடலெங்கும் மயிர் உள்ள இந்த விலங்கில் முலைக்காம்பே காணப்படவில்லை. கழிவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் போல ஒரே ஒரு துளைதான் இருந்தது. இது முட்டையிடும் விலங்காக இருக்கவேண்டும் என்று பிரெஞ்சு விலங்கியலாளர் எத்தியேன் ஜொஃப்ருவா சாந்த்-இலேர் கருதினார். பாலூட்டிகளில் சேராத தனி வகுப்பாக இதை நிறுத்த வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

இதுவரை அவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. கையிலிருந்த உறுப்புகளைப் பார்த்துத்தான் அவர் வகைப்படுத்தினார். சிக்கல் 1824-இல் வந்தது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் யோகான் மெக்கெல், பெண் பிளாட்டிபஸின் வயிற்றுப்புறத் தோலுக்கடியில் சுரப்பிகளைக் கண்டார். அவை பால் சுரப்பிகள் என்றார். பால் சுரப்பிதான் பாலூட்டியின் அடையாளம். தமிழில் அந்தச் சொல்லே அதைத்தான் சொல்கிறது. எனவே எதிர்ச்சான்று வந்துவிட்டது. ஜொஃப்ருவா சுரப்பிகள் இருப்பதை மறுக்கவில்லை. அவை பால் சுரப்பிகளாக இருக்க முடியாது, வேறு ஏதோ சுரப்பிகள் என்றார். அவருடைய நியாயத்தைப் பிரித்துப் பார்த்தால் இப்படி அமையும்: இந்த விலங்கு முட்டையிடுவது, முட்டையிடுவது எதுவும் பாலூட்டியாக முடியாது, ஆகவே இதன் சுரப்பி பாலைச் சுரக்க முடியாது.

நடுவிலுள்ள வாக்கியம் எந்தத் தகுதியில் அங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. முட்டையிடாமை என்பது பாலூட்டிகளை ஆராய்ந்து கண்ட ஒரு பொதுமை என்றால், புதிய விலங்கு அதை மீறுகிறதா என்று பார்க்க வேண்டுமே தவிர, அந்தப் பொதுமையை வைத்துக்கொண்டு விலங்கின் சுரப்பி என்ன சுரக்கும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சோதிக்கப்பட வேண்டிய விதியே சோதனையின் முடிவை எழுதத் தொடங்குவதுதான், வரையறை இடம் மாறிவிட்டது என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான அறிகுறி.

1830-களின் தொடக்கத்தில் அந்தச் சுரப்பிகளிலிருந்து பால் கசிவதை ஆஸ்திரேலியாவில் நேரில் கண்ட தகவல் வந்தது. இங்கிலாந்தின் உடற்கூறியலாளர் ரிச்சர்டு ஓவனும் அவை பால் சுரப்பிகளே என்று ஆராய்ந்து காட்டினார். ஆனால் ஓவனுக்கும் அதே விதியின்மேல் நம்பிக்கை இருந்தது. பிளாட்டிபஸ் பாலூட்டிதான், ஆகவே அது வெளியே முட்டையிடாது, முட்டை உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வெளிவரும் என்பது அவர் கணிப்பு. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1884-இல், குயின்ஸ்லாந்தில் தங்கி ஆராய்ந்த வில்லியம் கால்டுவெல், இவ்விலங்குகள் முட்டையிடுபவையே என்று தந்தி அனுப்பினார். அவ்வாண்டிலேயே வில்ஹெல்ம் ஹாக்கே என்பவரும் பிளாட்டிபஸின் உறவு விலங்கான எகிட்னாவின் முட்டையை அடிலெய்டில் காட்டினார்.

ஜொஃப்ருவா முட்டை விஷயத்தில் சரியாகவே கணித்திருந்தார், ஓவன் தவறாகக் கணித்திருந்தார். ஆயினும் வாதத்தின் ஒழுங்கில் ஓவன் செய்தது நேர்மையானது என்பேன். பாலூட்டி என்பதற்கு அவர் வைத்திருந்த அடையாளம் பால்தான், அதை அவர் அசைக்கவில்லை. முட்டையிடாது என்பதை உலகத்தைப் பற்றிய கூற்றாகவே விட்டுவைத்ததால்தான் ஒரு தந்தியால் அதைப் பொய்யாக்க முடிந்தது. ஜொஃப்ருவாவின் விதியை எந்தத் தந்தியாலும் தொட்டிருக்க முடியாது. முட்டை கிடைத்திருந்தால் அது அவர் விதிக்கு எதிரான சான்றாக ஆகியிராது, பிளாட்டிபஸைத் தள்ளிவைப்பதற்கு இன்னொரு காரணமாகவே ஆகியிருக்கும்.

ஆனால் எதிர்ச்சான்று வந்தபின் குழுவைத் திருத்துவதெல்லாம் தந்திரம்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மீன்கள் எல்லாம் செவுளால் மூச்சுவிடுகின்றன என்று ஒருவர் சொல்ல, திமிங்கிலம் நுரையீரலால் மூச்சுவிடுகிறதே என்று மற்றவர் கேட்க, திமிங்கிலம் மீனல்ல என்று முதலாமவர் பதில் சொன்னால், வாக்கிய அமைப்பில் அது ‘உண்மையான பாலூட்டி அல்ல’ என்பதைப் போலவே இருக்கும். வேறுபாடு காரணங்களில் இருக்கிறது. 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் திமிங்கிலங்களைப் பாலூட்டிகளோடு சேர்த்தபோது, நான்கு அறைகள் கொண்ட இதயம், வெப்பக் குருதி, குட்டிக்குப் பால் கொடுத்தல் என்று பல பண்புகள் ஒன்றாகச் சேர்ந்து அதே பக்கம் காட்டின. செவுளைப் பற்றிய வாதம் நடக்காமலே இருந்திருந்தாலும் திமிங்கிலம் அங்கேதான் போயிருக்கும். வரையறையிலேயே உள்ள பண்பைச் சொல்வதும் தவறல்ல. முக்கோணம் என்று காட்டப்பட்ட உருவத்துக்கு நான்கு பக்கங்கள் இருந்தால், அது முக்கோணமல்ல என்பதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஏனெனில் மூன்று பக்கம் என்பது நேற்று நுழைக்கப்பட்ட நிபந்தனை அல்ல.

எனவே இந்த உத்தியை எதிர்கொள்பவர் முதலில் கேட்க வேண்டியது, தகராறில் இருக்கும் பண்பை எடுத்துவிட்டு உறுப்பினரை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான். முட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பாலூட்டி எது என்று சொல்லுங்கள் என்று கேட்டால், எதிரில் இருப்பவர் பாலையும் மயிரையும் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னவுடன் பிளாட்டிபஸ் உள்ளே வந்துவிடும். அவரால் அப்படி எதையும் சொல்ல முடியவில்லை என்றால், ‘உண்மையான’ என்பதற்கு அவரிடம் வேறு பொருளே இல்லை என்று தெரிந்துவிடும். மனிதர் குழுக்களைப் பற்றிய வாதத்தில் இதே கேள்வியைக் காலத்தை வைத்தும் கேட்கலாம்: தவறு செய்தவர் அந்தத் தவறு வெளிவருவதற்கு முந்தைய நாள் வரை உறுப்பினராக எண்ணப்பட்டாரா, அவருடைய சந்தாவும் வாக்கும் உழைப்பும் ஏற்கப்பட்டனவா? ஏற்கப்பட்டிருந்தால், அவரை வெளியேற்றிய தேதி வாதத்துக்காகவே குறிக்கப்பட்டது.

சிலர் இக்கேள்விக்குப் பணியாமல் புதிய வரையறையிலேயே ஊன்றி நிற்பார்கள். அப்போது சொல்லுக்காகச் சண்டையிடுவது வீண் என்பது என் அனுபவம். சொல்லை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடலாம். விட்டுக்கொடுத்தபின், அவர் விதியை வரையறையோடு சேர்த்து முழுமையாகப் படித்துக் காட்ட வேண்டும்: ‘பால் கொடுப்பவையும் முட்டையிடாதவையுமான விலங்குகள் முட்டையிடுவதில்லை.’ இதை யாரும் மறுக்கப் போவதில்லை, இதனால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதும் இல்லை. அடுத்து, பழைய விதியை அவர் எதற்காகச் சொன்னார் என்பதை நினைவூட்ட வேண்டும். புதிதாகக் கிடைத்த ஒரு விலங்கில் பால் சுரப்பி தெரிகிறது, அது முட்டையிடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி தேவைப்பட்டது. புதிய விதியைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அது முட்டையிடுகிறதா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பவரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு எதிர்ச்சான்று ‘எல்லாம்’ என்பதை உடைக்குமே தவிர, ‘பெரும்பாலும்’ என்பதை உடைக்காது. பாலூட்டிகள் அநேகமாகக் குட்டி போடுபவை என்று ஒருவர் இறங்கிவந்தால் அது தப்பித்தல் அல்ல, திருத்தம். அதன்பின்னும் பிளாட்டிபஸையே காட்டிக்கொண்டிருப்பது நம் பிழையாகிவிடும். விலங்கியலும் அந்தத் திருத்தத்தைத்தான் செய்துகொண்டது. பால் அடையாளமாகவே இருந்தது, முட்டையிடாமை விதியிலிருந்து நீங்கியது. இன்று வாழும் பாலூட்டிகளில் பிளாட்டிபஸும் நான்கு எகிட்னா இனங்களுமாக 5 இனங்கள் முட்டையிடுபவை என்று கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன.