ஒரே ஆவிக்கு இரண்டு வேலை: சர்க்கரை ஆலையின் 86-உம் மின்நிலையத்தின் 27-உம்

அரவை நடக்கும் சர்க்கரை ஆலையில் கடைசி மில்லுக்குப் பின்னால் போய் நின்றால், உருளைகளுக்கு நடுவிலிருந்து சக்கை இளஞ்சூட்டோடு வந்து விழுவதைப் பார்க்கலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தாலும் கையில் லேசாக ஒட்டுமே தவிர, சாறு சொட்டாது. ஆனாலும் அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். அந்த ஈரச் சக்கை கேரியரில் ஏறிப் பாய்லருக்குப் போய், உலைக்குள் வீசப்பட்டு, பெரும்பாலும் காற்றில் பறக்கும்போதே எரிந்துவிடுகிறது. கரும்பைச் சர்க்கரையாக்கத் தேவையான வெப்பம், ஆலையை ஓட்டும் மின்சாரம், வெளியே விற்கும் மின்சாரம் எல்லாம் இந்தச் சக்கையிலிருந்தே வருகின்றன.

இதைத்தான் இணை மின் உற்பத்தி என்கிறோம்; ஆலைக்காரர்கள் சுருக்கமாக ‘கோ-ஜென்’ என்பார்கள். எரிபொருளில் இருந்த ஆற்றலில் எத்தனை பங்கு பயனுக்கு வந்தது என்று அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. கிடைத்த மின்சாரத்தையும் பயன்பட்ட வெப்பத்தையும் கூட்டி, எரித்த எரிபொருளின் ஆற்றலால் வகுக்க வேண்டும். இதற்கு ஆற்றல் பயன்பாட்டுக் காரணி என்று பெயர். இது நல்ல அளவுகோல்தான். ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். எப்படி என்று ஒரு ஆலையை வைத்தே பார்ப்போம்.

மணிக்கு 100 டன் கரும்பு அரைக்கும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள, நாளொன்றுக்கு 2,500 டன் அரவைத் திறன் கொண்ட ஆலையின் அளவு கிட்டத்தட்ட இதுதான். மணிக்கு சுமார் 30 டன் சக்கை கிடைக்கும். சாற்றைச் சூடாக்கவும், வற்றக் காய்ச்சவும், பிறகு பாகைச் சர்க்கரையாகப் படிய வைக்கவும் 45 டன் ஆவி வேண்டும். பாய்லர் சதுர சென்டிமீட்டருக்கு 67 கிலோ அழுத்தத்தில், 495 டிகிரி செல்சியஸில் ஆவி தருகிறது. அந்த ஆவி டர்பைனைச் சுற்றிவிட்டு, 2.5 பார் அழுத்தத்தில் வெளியே வந்து சர்க்கரை வேலைக்குப் போகிறது.

இந்த 45 டன் ஆவிக்கு எரிக்க வேண்டிய சக்கை சுமார் 20 டன். அதன் ஆற்றலை 100 பங்காக வைத்துக்கொண்டால், 13 பங்கு பாய்லரிலேயே போய்விடும். பெரும்பகுதி புகைபோக்கி வழியாக. மீதி 87 பங்கு ஆவியில் ஏறுகிறது. டர்பைனும் ஜெனரேட்டரும் அதில் 17 பங்கை மின்சாரமாக்குகின்றன; அது 7 மெகாவாட்டுக்குச் சற்று மேல். உராய்விலும் ஜெனரேட்டரிலும் ஒரு பங்கு கழிகிறது. மீதி 69 பங்கும் சாற்றுக்குப் போகிறது. 17-உம் 69-உம் சேர்ந்தால் 86. காரணி 0.86.

இதே பாய்லரையும் இதே சக்கையையும் வைத்து மின்சாரம் மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? ஆவியை இன்னும் கீழே, 0.1 பார் வரை விரியவிடலாம். அதனால் மின்சாரம் கூடும். 17 பங்குக்குப் பதில் 27 பங்கு கிடைக்கும். ஆனால் காரணியும் அந்த 27-ஓடு நின்றுவிடும். 60 பங்கு கூலிங் டவர் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய இடைவெளிக்கு டர்பைனின் தரம் காரணமில்லை. ஆவியைத் திரும்ப நீராக்கியே ஆக வேண்டும் என்பதுதான் காரணம். நீரை ஆவியாக்கும்போது அது விழுங்கிய வெப்பத்தின் பெரும்பகுதியை, மீண்டும் நீராகும்போதுதான் அது திருப்பித் தரும். மின்நிலையத்தில் இது கண்டென்சரில் சுமார் 46 டிகிரியில் நடக்கிறது. அந்த வெந்நீர்ச் சூட்டை வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சர்க்கரை ஆலையிலோ டர்பைனை விட்டு வரும் ஆவி 2.5 பாரில், அதாவது 127 டிகிரியில் நீராகிறது. சாற்றைக் காய்ச்ச இந்தச் சூடு தாராளமாகப் போதும். இதைவிடச் சூடு கூடினால் சர்க்கரை சிதையும், நிறமும் கெடும். ஆக, சாறு காய்ச்சும் கலன்களே இங்கே கண்டென்சர். மின்நிலையம் ஆற்றிலும் காற்றிலும் கொட்டும் அதே வெப்பம், இங்கே 100 டன் சாற்றில் முக்கால் பாகத்துத் தண்ணீரை வற்ற வைக்கிறது.

இதுவரை காரணி சொல்வது சரிதான். இனி அது சொல்லாததைப் பார்ப்போம்.

டர்பைனே இல்லாமல், வெறும் பாய்லரை மட்டும் வைத்துச் சாறு காய்ச்சும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவியில் ஏறிய 87 பங்கும் சாற்றுக்கே போகும். காரணி 0.87. இணை மின் நிலையத்தைவிட ஒரு படி மேல்! ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராத ஆலைக்கு அதிக மதிப்பெண். 127 டிகிரி வெப்பத்தையும், எந்த மோட்டாரையும் ஓட்டக்கூடிய மின்சாரத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் இப்படித்தான் வரும்.

அதனால் நியாயமான கேள்வி வேறு. இதே 17 பங்கு மின்சாரத்தையும் இதே 69 பங்கு வெப்பத்தையும் தனித்தனியாக எடுத்தால் எவ்வளவு எரிக்க வேண்டும்? வெப்பத்துக்கு வெறும் பாய்லர் வைத்தால் 79 பங்கு எரிபொருள். மின்சாரத்துக்கு நாம் பார்த்த தனி நிலையத்தில் 63 பங்கு. மொத்தம் 142. இணைத்துச் செய்ததால் 100-இல் முடிந்தது. எரிபொருளில் 30 சதவீதம் மிச்சம். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எப்படியும் சாறு காய்ச்ச 79 பங்கு எரித்தே ஆக வேண்டும். அதற்கு மேல் 21 பங்கு எரித்ததில் 17 பங்கு மின்சாரம் வந்துவிட்டது. அந்த மின்சாரம் மட்டும் 80 சதவீதத் திறனில் பிறந்திருக்கிறது. எரிபொருளை எரித்து ஆவியால் மின்சாரம் மட்டும் எடுக்கும் எந்த நிலையமும் இதன் கிட்டே வர முடியாது.

பழைய ஆலைகளை மதிப்பிடும்போதும் காரணி வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் 21 கிலோ பாய்லர்தான் வழக்கம். ஆவியின் சூடு 340 டிகிரி. பாய்லர் திறன் ஒன்றே என்று வைத்துக் கணக்குப் போட்டால் மின்சாரம் 9 பங்கு, வெப்பம் 77 பங்கு. கூட்டினால் அதே 86! ஆனால் அதே 45 டன் ஆவியிலிருந்து பழைய ஆலைக்கு 3.5 மெகாவாட்தான் கிடைக்கும். 67 கிலோ ஆலைக்கு அதைப் போல இரண்டு மடங்கு. சாற்றுக்குப் போகும் ஆவி இரண்டிலும் 2.5 பார்தான். மேலே எவ்வளவு உயரத்திலிருந்து அது விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் 87 கிலோ, 110 கிலோ பாய்லர் வரை ஆலைகள் போயிருக்கின்றன. அழுத்தம் ஏற ஏறக் குழாய்களுக்கு உயர்ந்த ரக எஃகும், பாய்லருக்கு மிகச் சுத்தமான நீரும் வேண்டும்.

அந்த நீர் சர்க்கரை ஆலைக்கே உரிய கவலை. சாறு காய்ச்சிவிட்டு நீராகித் திரும்பும் ஆவியைத்தான் மறுபடியும் பாய்லருக்கு ஊட்டுகிறார்கள். காய்ச்சும் கலனில் ஒரு குழாய் பொத்துக்கொண்டால் சாறு அந்த நீரில் கலந்துவிடும். பாய்லருக்குள் போன சர்க்கரை சிதைந்து அமிலமாகி, நீர் நுரைத்து, உலோகத்தை அரிக்கும். அதனால் ஆய்வகத்தில் அடிக்கடி ஒரு சோதனை நடக்கும். சோதனைக் குழாயில் கொஞ்சம் அந்த நீர், சில சொட்டு ஆல்ஃபா நாஃப்தால், பிறகு சுவரோரமாக வழியவிட்ட அடர் கந்தக அமிலம். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தெரிந்தால் சர்க்கரை கலந்துவிட்டது என்று பொருள். உடனே அந்த நீரைப் பாய்லர் பக்கம் விடாமல் திருப்பிவிட வேண்டும்.

ஆலையின் கணக்கு சரியாக ஓடுகிறதா என்பதை வெளியே நின்றே ஓரளவு சொல்லலாம். கூரைக்கு மேலே ஒரு குழாயிலிருந்து இரைச்சலோடு ஆவி பீறிட்டால், டர்பைனிலிருந்து வரும் ஆவியை உள்ளே வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று அர்த்தம். மில்லில் கரும்பு அடைத்திருக்கலாம், சாறு குறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் 69 பங்கும் வானத்துக்குப் போகிறது. இதற்கு நேரெதிரான கோளாறுக்குச் சத்தமே கிடையாது. டர்பைனிலிருந்து வரும் ஆவி போதாதபோது, பாய்லரின் உயரழுத்த ஆவியை ஒரு வால்வு வழியாக நேரே இறக்கி, அழுத்தத்தைக் குறைத்துச் சாற்றுக்கு அனுப்புவார்கள். சாறு கொதிக்கும், காரணியும் குறையாது. ஆனால் அந்த ஆவி தந்திருக்க வேண்டிய மின்சாரம் வராது. இதைக் கண்ட்ரோல் ரூமில் அந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். என்னைக் கேட்டால், இரைச்சலிடும் குழாயைவிட இந்த வால்வின் மேல்தான் அதிகக் கண் வைக்க வேண்டும்.

சக்கையின் ஈரமும் கணக்கில் பெரிய இடம் பிடிக்கிறது. 50 சதவீத ஈரம் 52 ஆனால், கிலோவுக்குக் கிடைக்கும் நிகர வெப்பம் 5 சதவீதத்துக்கு மேல் குறையும். கடைசி மில்லின் உருளைகள் தேய்ந்திருந்தால் பாய்லர்க்காரருக்குத்தான் முதலில் தெரியும். இங்கே நான் சொன்ன எண்களெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்கும் வெப்பத்தைக் கழித்த நிகர மதிப்பில் போட்டவை. கழிக்காமல் மொத்த மதிப்பில் போட்டால் 86 என்பது 69 ஆகும், 27 என்பது 22 ஆகும். இரண்டு ஆலைகளை ஒப்பிடுபவர்கள், இரண்டு கணக்கும் ஒரே மதிப்பில் போட்டவையா என்று முதலில் கேட்க வேண்டும்.

இதுவரை 20 டன் சக்கையைத்தான் எரித்தோம். கிடைத்தது 30 டன். மீதி 10 டன்னை என்ன செய்வது? சிலர் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். கரூர் மாவட்டத்தில் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நிறுவனம்தான். இணை மின் ஆலையில் அதையும் எரித்து, அந்த ஆவியை டர்பைனின் கடைசிப் பகுதி வழியாகக் கண்டென்சருக்கு விடுவார்கள். அந்தப் பங்குக்கு 27 சதவீதம்தான் பலன். ஆனாலும் 5 மெகாவாட்டுக்கு மேல் வரும். மொத்தம் 13 மெகாவாட்டை நெருங்கும். காரணியோ 0.86-இலிருந்து 0.67-க்கு இறங்கிவிடும். அரவை முடிந்து, சேர்த்து வைத்த சக்கையிலோ நிலக்கரியிலோ ஓட்டும் மாதங்களில் சாறே இல்லாததால் 0.27-க்கே வந்துவிடும். ஒரே இயந்திரம்தான், மாறியது பருவம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. ஆலை தன் வேலையைச் செம்மையாக்கி, கலன்களைச் சேர்த்து, ஒரு கலனில் எழும் ஆவியை அடுத்த கலனுக்குச் சரியாகப் பயன்படுத்தி, 45 டன்னுக்குப் பதில் 40 டன் ஆவியிலேயே சர்க்கரை காய்ச்சிவிடுகிறது என்று வையுங்கள். மிஞ்சிய 5 டன் ஆவி கண்டென்சர் வரை போய், சுமார் அரை மெகாவாட் கூடுதலாகத் தரும். சர்க்கரை அதே அளவு, சக்கை அதே அளவு, மின்சாரம் அதிகம். ஆனால் காரணி 0.67-இலிருந்து 0.62 ஆகிவிடும். அதனால் ஒரு ஆலையைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, ஒரு டன் கரும்புக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்றுதான். நம் கணக்கில் 21 கிலோ ஆலைக்கு அது 35. 67 கிலோ ஆலை சக்கை முழுவதையும் எரித்தால் 130-ஐத் தொடும்.