இழப்புப் பட்டியலில் பூஜ்யம் காட்டும் ஸ்டீம் ட்ராப்

நீராவியைத் தப்பவிடாமல், அது குளிர்ந்து உண்டாகும் தண்ணீரான கண்டன்சேட்டை மட்டும் குழாயிலிருந்து வெளியேற்றும் வால்வுதான் ஸ்டீம் ட்ராப். அதன் ஆய்வறிக்கையைத் தமிழாக்கும்போது எனக்கு அதிக நேரம் பிடிப்பது ட்ராப்பின் நிலையைக் குறிக்கும் கட்டம்தான். மூலத்தில் அங்கே 'ஃபெயில்டு ஓபன்', 'லீக்கிங்', 'கோல்டு' என்று ஓரிரு சொற்களே இருக்கும். அதைப் 'பழுது', 'கசிவு', 'குளிர்' என்று மாற்றிவிட்டால், படிக்கும் ஆடிட்டருக்குக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

ஒரு சாயப்பட்டறையின் அறிக்கையில் வருகிற மாதிரி இரண்டு வரிகளை எடுத்துக்கொள்வோம். மெயின் லைனில் 7 பார் கேஜ் அழுத்தத்தில் ஒரு ட்ராப் திறந்தபடியே நின்றுவிட்டது. இழப்பு மணிக்கு 20 கிலோ. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 160 டன் நீராவி. அடுத்த வரி சாய மெஷினின் ஃப்ளோட் ட்ராப். நிலை 'கோல்டு', இழப்பு 0. இழப்பை வைத்து வரிசைப்படுத்தினால் இது பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

ஆனால் அந்த ட்ராப் அடைத்திருக்கலாம். முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னரில் துரு சேர்ந்தாலே போதும், கண்டன்சேட் வெளியேறாமல் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே தேங்கும், சாயத் தண்ணீர் சூடாக நேரமாகும். ஆபரேட்டர் வேலை நிற்கக் கூடாது என்று ட்ராப்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வைக் கொஞ்சம் திறந்து வைப்பார். அப்புறம் நீராவி அந்த வழியாகப் போகும். ட்ராப்பை மட்டும் அளந்த அறிக்கையில் இந்த இழப்பு வராது.

அதே 'கோல்டு', ஆய்வு நடந்த நேரத்தில் மெஷின் நின்றிருந்தாலும் எழுதப்படும். அதனால் குறிப்புக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். தெளிவில்லை என்றால் ஆய்வு செய்தவரையே கேட்க வேண்டும். மெஷின் ஓடி, வால்வு திறந்து, வரும் லைன் சூடாக இருந்தும் ட்ராப் ஆறிக்கிடந்தால், 'அடைப்பு: கண்டன்சேட் வெளியேறவில்லை, ஸ்ட்ரெய்னரையும் பைபாஸையும் பார்க்கவும்' என்று எழுதுவேன். மெஷின் ஓடவில்லை என்றால், 'சோதிக்கப்படவில்லை'. இழப்புக் கட்டத்திலும் வெறும் பூஜ்யத்தை விடாமல், 'ட்ராப் வழியாக 0' என்று போடுவேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. திறந்த வெளியில் கொட்டும் ட்ராப்பில் ஆவி பறந்தாலே பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 7 பாரில் கண்டன்சேட் சுமார் 170 டிகிரியில் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்ததும் அதில் ஏறக்குறைய 13 சதவீதம் தானாகவே ஆவியாகும். இது ஃப்ளாஷ் ஸ்டீம். நல்ல ட்ராப்பிலும் வரும். தண்ணீரோடு சேர்ந்து, வாயிலிலேயே வெள்ளையாக, மெதுவாகப் பரவும். பாய்லர் நீராவி நேரடியாகத் தப்பினால் வேகமாகச் சீறும். வாயில் அருகே கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரியாது, அதைத் தாண்டித்தான் வெண்மை தெரியும். இரண்டையும் 'ஆவி வெளியேற்றம்' என்றே எழுதிவிட்டால் நல்ல ட்ராப்பைக் கழற்றி மாற்றுவார்கள். கண்ணால் உறுதியாகவில்லை என்றால் அல்ட்ராசோனிக் கருவியால் கேட்டுப் பார்க்கும்படி அந்த வரியிலேயே குறித்துவிடுகிறேன்.