டாஷ்போர்டைத் திறந்து வைத்துப் பேசும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சரக்கு லாரி கம்பெனிகளுக்கு டாஷ்போர்டு செய்து கொடுப்பது என் வேலை. செய்து முடிப்பதில் அதிகத் தொல்லை இல்லை. அதைக் கூட்டத்தில் நேரலையாகத் திறந்து வைத்துப் பேசும்போதுதான் பலருக்குத் தடம் மாறுகிறது. ஸ்லைடு வைத்தது வைத்தபடி நிற்கும். டாஷ்போர்டில் தரவும் நகரும், நாம் தட்டியதெல்லாம் அதிலேயே தங்கியும் விடும்.

ஒரு கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 20 இரவு வான் ரீனன் கணவாயில் கடும் பனி. டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் போகும் என்3 சாலை மறுநாள் மூடிக் கிடந்தது. அந்த மாதத் தாமதத்துக்குக் காரணம் டிப்போவா, சாலையா என்று நிர்வாகம் கேட்கிறது. பேசுபவரிடம் சொல்வதற்கு மூன்றே விஷயம்: தாமதம் எந்த நாட்களில் ஏறியது, அது என்3 வழியில் மட்டும்தான், ரிச்சர்ட்ஸ் பே போகும் என்2 வழியில் இல்லை, டிப்போவில் சரக்கு ஏற்றும் நேரம் மாறவே இல்லை. அதற்குமேல், குளிர்காலத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கை. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி மடிக்கணினி பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை ஒத்திகை. தேதி வடிகட்டி 'கடந்த 30 நாள்' என்று இருந்தது. அன்றைய கணக்கில் அது செப்டம்பர் 19-இல் தொடங்கும், ஆக பனி நாட்கள் உள்ளே இருந்தன. கூட்டமோ திங்கள், 21-ஆம் தேதி. அன்று அதே வடிகட்டி செப்டம்பர் 22-இல் தொடங்கிவிடும். லாரி கிளம்பிய தேதிப்படி வரைந்த கோட்டில், பேச வந்த ஏற்றமே காணாமல் போயிருக்கும்! டாஷ்போர்டு செய்யும் பவர் பிஐ மென்பொருளில், பக்கம் இருக்கும் நிலையைச் சேமித்து வைக்கும் புக்மார்க் போட்டு வைத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. புக்மார்க் நினைவில் வைத்துக்கொள்வது 'கடந்த 30 நாள்' என்ற அமைப்பைத்தான், நாம் பார்த்த தேதிகளை அல்ல. முடிந்துபோன காலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் நிலையாகக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கிளிக். இரண்டாவது பக்கத்தில் இருக்கும்போது மூத்த மேலாளர் ஒருவர், "தம்பி, ரிச்சர்ட்ஸ் பேயை மட்டும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்கிறார். மறுக்க முடியுமா? பேசுபவர் வழி வடிகட்டியில் அதைத் தட்டிக் காட்டுகிறார், பேச்சு அந்த ஊர் டிரைவர்கள் பக்கம் போகிறது. அப்புறம் மூன்றாவது பக்கம் வந்தால் மொத்தப் பயணம் 840 என்று இருந்த இடத்தில் 190 நிற்கிறது (எண்கள் உதாரணத்துக்கு). பக்கங்களுக்கிடையே வடிகட்டி இணைக்கப்பட்டிருந்தால் அந்தத் தேர்வு கூடவே வந்துவிடும். யாராவது ஒருவர் "கணக்கு உதைக்குதே" என்பார். பத்து நிமிடம் போச்சு.

இதற்கு நான் செய்வது இதுதான். சொல்ல வந்த மூன்று விஷயமும் பேச்சின் மூன்று நிறுத்தங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புக்மார்க், சேமிக்கும்போது Data தேர்வு போட்டபடி. அப்படியிருந்தால் வடிகட்டிகளும் அதோடு பதிந்துவிடும். விலகிப் போய்விட்டால், தட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்காமல் அடுத்த புக்மார்க்கைத் தட்டினால் போதும். Bookmarks பலகத்தில் View கொடுத்தால் ஸ்லைடு போல வரிசையாக நகர்த்தலாம். எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில் மொத்தப் பயண எண் இருக்கட்டும். வாய் திறப்பதற்கு முன் கண் அங்கே போக வேண்டும். 840 இல்லையென்றால் ஏதோ வடிகட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பட்டை வரைபடத்தில் சும்மா சுட்டும்போது கை தவறித் தட்டினாலும் மற்ற வரைபடங்கள் மாறிவிடும். அதனால் சுட்டிக்காட்டும் வேலையை வாயாலேயே செய்துவிடுவது நல்லது: "இடப்பக்கம், இரண்டாவது பட்டை."

கேள்விகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒத்திப்போடுபவர்களை எனக்குப் பிடிக்காது. "தாமதத்தை எந்த மணியிலிருந்து எண்ணுகிறீர்கள், கிளம்பியதிலிருந்தா, வாக்களித்த நேரத்திலிருந்தா?" என்று கேட்டால் அங்கேயே நின்று பதில் சொல்லியாக வேண்டும். அது தெளியாமல் அடுத்த வரைபடத்தை யாரும் நம்ப மாட்டார்கள். "என்3 மூடல் முடிந்த பிறகும் தாமதம் நீண்டதா?" என்பதையும் தள்ளிவிட முடியாது. முடிவையே மாற்றக்கூடிய கேள்வி அது. மூன்றாவது நிறுத்தம் முடிந்ததும் தோண்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தால், அப்போது கூட்டத்தின் கண்முன்னாலேயே பார்க்கலாம். டீசல் செலவு, டிரைவர் விடுப்பு மாதிரியானவற்றைக் கேட்டவர் பெயரோடு பலகையில் எழுதிக்கொண்டு நகர்வேன். அன்று மாலைக்குள் அந்த வடிகட்டி போட்ட பக்கத்தின் இணைப்பை அவருக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த மாதம் அதே கேள்வியை முதல் பக்கத்திலேயே கேட்பார்.