சிஸ்டம் பிராம்ப்ட்: தொடக்கக் கட்டளையா, நிலைக்குறிப்பா?

செயலியில் பதில் சொல்லும் மொழி மாதிரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று செயலியை உருவாக்குபவர் எழுதிவைக்கும் குறிப்புதான் சிஸ்டம் பிராம்ப்ட். அதைத் 'தொடக்கக் கட்டளை' என்று எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. கடந்த வாரம் ஒரே கட்டுரையில் ஏழு இடங்களில் அதைக் கண்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிராம்ப்ட் என்பதன் வேர், வெளியே எடுத்தல் என்னும் பொருள் தரும் இலத்தீன் வினை. நாடக மேடையில் மறைவாக நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரையும் ஆங்கிலம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. சொல்வரலாறு இவ்வளவு போதும். சிக்கல் 'தொடக்கம்' என்பதில் இருக்கிறது.

தொடக்கக் கட்டளை என்று படிப்பவர், உரையாடல் தொடங்கும்போது ஒருமுறை சொல்லப்பட்டதை மொழி மாதிரி கடைசி வரை நினைவில் வைத்துக்கொள்கிறது என்றே எண்ணுவார். உண்மையில் மாதிரி ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் இடையே தானாக எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு கேள்வியின்போதும் செயலி முழு உரையாடலையும் ஒரு பட்டியலாக அடுக்கி, குறிப்பை அதன் தலையில் வைத்து, மாதிரியிடம் புதிதாகக் கொடுக்கிறது:

```
{"role": "system", "content": "சமையல் பற்றி மட்டும் பேசு."}
{"role": "user", "content": "ரசப்பொடி எப்படி அரைப்பது?"}
```

இருபதாவது கேள்விக்குப் போகும் பட்டியலில் குறிப்பு ஒன்று, கேள்விகள் இருபது, பதில்கள் பத்தொன்பது, ஆக நாற்பது உருப்படிகள் இருக்கும். பயனரின் திரை முதல் உருப்படியைக் காட்டுவதில்லை; மாதிரியோ அதை இருபதாவது முறையாகப் படிக்கிறது. `system` என்ற பெயரில் வருவதற்குப் பயனரின் சொல்லைவிடக் கூடுதல் மதிப்புத் தரும்படியும் மாதிரியைப் பயிற்றுவித்திருக்கிறார்கள்.

தவறான பெயர் தவறான நிரலுக்கே இட்டுச்செல்லும். நண்பர் ஒருவர், நீளத்தைக் குறைப்பதற்காகக் கடைசி இருபது உருப்படிகளை மட்டும் அனுப்பும்படி தம் செயலியை எழுதியிருந்தார். பத்தாவது கேள்வி வரை பட்டியல் சரியாக இருபதுக்குள் அடங்கியது. பதினொன்றாவதில் குறிப்பு வெட்டுண்டது. மூன்றாவது கேள்வியாகக் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டபோது மறுத்த செயலி, பதினைந்தாவதில் ஆட்ட விவரங்களை விரிவாகச் சொன்னது. "ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே, ஏன் மறந்தது?" என்று கேட்டார். அனுப்பிய பட்டியலை அச்சிட்டுப் பார்த்தபோதுதான், அது மறக்கவில்லை, அதனிடம் சொல்லப்படவே இல்லை என்பது தெரிந்தது. குறிப்பு பட்டியலில் இருந்தாலும் மிக நீண்ட உரையாடலில் அதன் பிடி தளர்வதுண்டு. அது வேறு குறை.

'மறைகுறிப்பு' என்போரையும் நான் ஏற்கவில்லை. திரையில் தெரியாதது வேறு, மறைக்கப்பட்டது வேறு. திறமையாகக் கேட்டால் மாதிரி அதை ஒப்பித்துவிடக்கூடும் என்பதால், கடவுச்சொல்லை அதில் எழுதவே கூடாது. மறை என்ற பெயர் அந்த எச்சரிக்கையை மழுங்கடிக்கிறது.

தொழிற்சாலைகளில் 'நிலையாணை' என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறப்பிக்காமலே ஒவ்வொரு நாளுக்கும் செல்லுபடியாகும் விதி அது. அந்த 'நிலை'யை எடுத்து 'நிலைக்குறிப்பு' என்கிறேன். ஆணை என்னாமல் குறிப்பு என்பது, மாதிரி அதை மீறவும் கூடும் என்பதால்.