பொரித்த எண்ணெயை மூடி வைக்கும் அந்தக் கிண்ணம்

போன வாரம் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் அம்மா பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒன்று கணவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. இன்னொன்று செக்குக் கடலை எண்ணெய் பாட்டில். "ஒரு வருஷமா இதைத்தான் மேடம் வாங்குறோம். விலை ஜாஸ்தின்னாலும் பரவாயில்லைன்னு வாங்குறோம். அப்புறம் எப்படிக் கொழுப்பு ஏறும்?" என்றார்.

உணவியல் ஆலோசகரான என்னிடம் இந்தக் கேள்வி வருவது இந்த மாதத்தில் மட்டும் நான்காவது முறை. அவர் கோபம் நியாயமானது. ஆனால் கோபப்பட வேண்டியது அந்தப் பாட்டில் மேல் அல்ல.

ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "தாளிக்க ஒரு ஸ்பூன்தான்." என்னிடம் தண்ணீர் நிரப்பிய பழைய எண்ணெய் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டில் ஊற்றுவது போலவே கிண்ணத்தில் ஊற்றச் சொன்னேன். கையைச் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். அளவு ஸ்பூனால் அளந்தால் ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லி. அவர் பொய் சொல்லவில்லை. கை பழகிய அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதனால் நான் யாரிடமும் ஸ்பூன் கணக்கை நம்புவதில்லை, மாதக் கணக்கைத்தான் கேட்பேன்.

நான்கு பேர் உள்ள அவர்கள் வீட்டில் மாதம் 5 லிட்டர் ஆகிறது. எடையில் சுமார் 4.6 கிலோ. ஆளுக்கு, நாளுக்கு 38 கிராம். எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதால், எண்ணெயிலிருந்து மட்டுமே ஆளுக்கு 340 கலோரிக்கு மேல் போகிறது. பால், பருப்பு, கொட்டை, இறைச்சி ஆகியவற்றில் உள்ள கொழுப்பு இதில் சேரவில்லை.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. செக்கில் ஆட்டியது என்பதால் எண்ணெயின் கலோரி குறையாது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களும் மாறிவிடாது. மாறுவது வாசனையும், வைட்டமின் ஈ போன்ற சில நுண்பொருட்களும்தான். அவை நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் "நல்ல எண்ணெய், எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்" என்று யார் சொன்னது? பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அப்படித்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் வரும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது, ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை. தேங்காய் எண்ணெயில் அது பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் இருக்கும். கடலை எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எல்லாச் சமையலையும் தேங்காய் எண்ணெயிலேயே முடிக்கும் வீட்டில், கெட்ட கொழுப்பு கூடியவருக்கு முதலில் அந்த அளவைத்தான் குறைக்கச் சொல்வேன்.

சரி, பொரிக்கும் எண்ணெயை என்ன செய்கிறீர்கள் என்றேன். "ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம் மேடம். வடிகட்டி, அடுப்புப் பக்கத்துல கிண்ணத்துல மூடி வைப்பேன். தாளிக்க, வதக்க அதையே எடுத்துக்குவேன். குறைஞ்சா புதுசு ஊத்திப்பேன்."

முழுக் கதையும் இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. எண்ணெய் விலை அதிகம் என்பதாலேயே அவரால் அதைக் கொட்ட முடியவில்லை. அரை லிட்டர் செக்கு எண்ணெயில் பொரித்துவிட்டு மிச்சத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? ஆக, உடம்புக்கு நல்லது என்று வாங்கிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி, உடம்புக்கு ஆகாததாக மாற்றித் தினமும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் பொரிப்பதற்கான சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். சுத்திகரிக்காத கடலை எண்ணெய் தோராயமாக 160 டிகிரியிலேயே புகைய ஆரம்பித்துவிடும். ஒருமுறை பொரித்த எண்ணெய் அதற்கும் முன்னாலேயே புகையும். கண்ணை எரிக்கும் அந்தப் புகை, எண்ணெய் சிதைகிறது என்பதற்கான அடையாளம். புதிதை ஊற்றிக் கலந்தால் பழையது சரியாகாது, புதியதும் சேர்ந்து வேகமாகக் கெடும். பல நாடுகளில் உணவகங்களுக்கு இதற்குச் சட்ட வரம்பே உண்டு. எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் சுமார் 25 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெயைக் கொட்ட வேண்டும். வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறத்தை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. கையில் பிசுபிசுப்பு, அடங்காமல் நிற்கும் நுரை, நெடி, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

அவருக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். பொரிக்கச் சுத்திகரித்த கடலை எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய். புகையும் வெப்பநிலைப் பட்டியலைப் பார்த்துச் சூரியகாந்தியைச் சொல்வார்கள். அது புகைய நேரமாகும் என்பது உண்மை, ஆனால் சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் எளிதில் சிதையும் கொழுப்பு அதிகம். பொரிப்பதைவிட லேசாக வதக்கவே அது ஏற்றது. பெரிய வாணலி வேண்டாம், அடி குறுகிய சின்ன வாணலியில் 250 மில்லி போதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிக்கலாம். துண்டுகளை ஈரம் போகத் துடையுங்கள். உப்பைக் கடைசியில் தூவுங்கள். எண்ணெய் காயும் முன் போட்டால் அதிகம் குடிக்கும், ஒரு சிறு துண்டைப் போட்டதும் குமிழ்கள் எழ வேண்டும். தூளில்லாமல் வடிகட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, சில நாட்களுக்குள் இன்னும் ஒரே ஒரு முறை. அதற்குமேல் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மாதம் இரண்டு முறை பொரிக்க இந்த 250 மில்லியே போதும்.

தாளிக்க அவருடைய செக்கு எண்ணெயே இருக்கட்டும், அல்லது நல்லெண்ணெய். வாசனை தேவைப்படும் இடம் அதுதான், அளவும் சிறியது. ஒரு தாளிப்புக்கு இரண்டு தேக்கரண்டி. சின்னத் தாளிப்புக் கரண்டியில் ஊற்றினால் கடுகு மூழ்கும். அகலமான சட்டியில் ஊற்றினால் எண்ணெய் பரவி, குறைவாகத் தெரியும், கை மறுபடி சாயும். கடுகு வெடித்ததும் அடுப்பை அணையுங்கள்.

சாலட்டுக்குக் காய்ச்சாத எண்ணெய், நான்கு பேருக்கு மூன்று தேக்கரண்டி. சுத்திகரிக்காத ஆலிவ் எண்ணெயோ நல்லெண்ணெயோ, எது பிடிக்குமோ அது. 200 மில்லி பாட்டிலாக வாங்குங்கள். பெரிய பாட்டில் மலிவாகத் தெரியும், பாதியில் காறல் வாசனை வந்துவிடும். (வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் செக்குக் கடலை எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும்.)

கணக்கு இப்படி வந்தது. ஆளுக்கு நாளுக்கு நான்கு தேக்கரண்டி வீதம் நான்கு பேருக்கு மாதம் 2.4 லிட்டர். பொரிக்க எடுக்கும் கால் லிட்டரைச் சேர்த்தாலும் 3 லிட்டருக்குள் அடங்கும். அதில் விலை கூடிய செக்கு எண்ணெய் ஒன்றரை லிட்டர் மட்டுமே. "அப்போ பொரிச்சதைக் கொட்டினாலும் எங்களுக்கு மிச்சம்தானா மேடம்?" என்றார். ஆமாம், அவர் இதுவரை செலவழித்த பணத்தில் ஏறக்குறைய பாதி மிச்சம்.

கொட்டும்போது பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆறியதும் பழைய பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் சேருங்கள். வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அடுப்புப் பக்கத்துக் கிண்ணத்தையும் இன்றைக்கே காலி செய்து, வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.