அண்டம் என்றால் முட்டை

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பரோட்டா கடையில் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் நின்ற பையன் பீகார்க்காரன், ஊருக்குப் புதுசு. மாஸ்டர் "தம்பி, ரெண்டு முட்டை எடு" என்றார். பையனுக்குப் புரியவில்லை. மாஸ்டர் கையைக் குவித்துக் காட்டியதும், "அண்டா?" என்று கேட்டபடி தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இந்தியில் முட்டைக்கு அண்டா என்றுதான் பெயர்.

நாம் வானத்தையும் பூமியையும் விண்மீன்களையும் சேர்த்துச் சொல்கிற அண்டம் என்ற சொல்லும் அதே சொல்தான். வடமொழியில் 'அண்ட' என்றால் முட்டை. வேதப் பாடல்களில் 'ஆண்ட' என்று முதலெழுத்து நீண்டு வரும். தமிழுக்கு வந்தபோது முட்டை என்ற பொருளையும் கூட்டிக்கொண்டே வந்தது. முட்டையில் பிறப்பவை அண்டசம், முட்டை வடிவம் அண்டாகாரம். சித்த மருத்துவத்தில் அண்டம் ஆணின் விதையைக் குறிக்கும், அது வீங்கினால் அண்டவாதம். அண்டை, அண்டுதல் ஆகியவற்றோடு சேர்த்து, 'நம்மை அண்டி இருப்பதால் அண்டம்' என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. மேலே சொன்ன மூன்று சொற்களில் அந்தப் பொருளை வைத்துப் பாருங்கள், ஒன்றிலும் உட்காராது. முட்டை என்று வைத்தால் மூன்றும் விளங்கும்.

சரி, முட்டை எப்படி உலகமானது? இதற்குச் சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. முதலில் இது இல்லாததாக இருந்தது, பிறகு இருப்பதாயிற்று, வளர்ந்தது, ஒரு முட்டையாயிற்று என்று தொடங்கும். அந்த முட்டை ஓர் ஆண்டு கிடந்து, பிளந்தது. ஒரு பாதி வெள்ளி, மறுபாதி பொன். வெள்ளிப் பாதி நிலமானது, பொன் பாதி வானமானது. வெளிச்சவ்வு மலைகள், உள்சவ்வு மேகமும் பனிமூட்டமும், நரம்புகள் ஆறுகள், உள்ளே இருந்த நீர் கடல். அதிலிருந்து பிறந்தது சூரியன்.

கோழி முட்டையை உடைத்து, ஓட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற அந்த மெல்லிய தோலைக் கவனித்தவர் யாரோ சொன்ன கதை இது. உலகம் ஏன் இரண்டாக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கிறது என்ற கேள்விக்கு அவருக்குக் கையிலேயே விடை கிடைத்திருக்கிறது. சதபத பிராமணம் என்ற வேத நூல் இதற்கு முன்னால் தண்ணீரை வைக்கிறது. எங்கும் நீர் மட்டுமே இருந்தது, அதில் ஒரு பொன் முட்டை ஓர் ஆண்டு மிதந்தது, அதிலிருந்து பிரஜாபதி வந்தார். பின்னால் வந்த நூல்களில் இந்த இடத்தில் பிரம்மன் வருகிறார். பிரம்மன், அண்டம் இரண்டும் சேர்ந்து பிரம்மாண்டம் ஆயிற்று. இன்றைக்குத் துணிக்கடைத் தட்டியில் 'பிரம்மாண்டமான தள்ளுபடி' என்று எழுதும்போது அதில் மிஞ்சியிருப்பது பெரிசு என்ற பொருள் மட்டும். முட்டை போய்விட்டது.

பின்லாந்துக்காரர்களின் காவியமான கலேவலாவில் ஏறக்குறைய இதே காட்சி இருக்கிறது. அந்நாட்டு வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 1835-இல் எலியாஸ் லென்ரோட் வெளியிட்டார், 1849-இல் விரிவாக்கினார். விரிந்த பதிப்பில் இல்மத்தார் என்ற காற்றின் மகள் கரையில்லாத நீரில் மிதக்கிறாள். ஒரு வாத்து கூடு கட்ட இடம் தேடி அலைகிறது. எங்கும் நீர். அவள் தன் முழங்காலை நீருக்கு மேலே தூக்குகிறாள், வாத்து அதைத் திட்டு என்று நினைத்து ஆறு பொன் முட்டையும் ஏழாவதாக ஓர் இரும்பு முட்டையும் இட்டு அடைகாக்கிறது. அடைச்சூடு ஏற ஏற முழங்கால் எரிகிறது. அவள் காலை உதற, முட்டைகள் நீரில் விழுந்து உடைகின்றன. கீழோடு நிலம், மேலோடு வானம். மஞ்சள் கரு சூரியன், வெள்ளைக் கரு நிலா, புள்ளிகள் விண்மீன்கள்.

சூரியனும் இரண்டு ஓடுகளும் அங்கேயும் அப்படியே இருப்பதால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முட்டை எந்த ஊரிலும் இப்படித்தான் உடையும். வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். உபநிடதத்தில் முட்டை தானாக வளர்ந்து, காலம் நிறைந்து பிளக்கிறது. கலேவலாவில் சூடு தாங்காமல் கால் உதறியதால் உடைகிறது. சீனத்தில் 3-ஆம் நூற்றாண்டில் சூ செங் எழுதிவைத்த கதையில் முட்டை என்பதே கலக்கத்துக்கு ஓர் உவமை. வானும் மண்ணும் பிரியாமல் கோழி முட்டையின் உள்ளே போலக் கலங்கிக் கிடந்தன, நடுவில் பான்கூ என்பவன் பிறந்து 18,000 ஆண்டு வளர்ந்தான், தெளிந்தது மேலேறி வானமானது, கலங்கல் கீழே தங்கி நிலமானது. புதுத் தண்ணீர் வரும்போது குடத்தில் பிடித்துவைத்து வண்டல் அடங்கக் காத்திருந்தவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்.

இனி நம் பக்கம். மேலூர் வட்டத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் திருவாசகத்தில் திருவண்டப் பகுதியைத் தொடங்குவது இந்தச் சொல்லில்தான்:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி

உண்டை என்றால் உருண்டை. அண்டம் என்ற சொல்லுக்குள் இருக்கும் வடிவத்தை அவர் மறக்கவில்லை. ஆனால் அவர் கணக்கில் அண்டம் ஒன்றல்ல, 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்கிறார். அடுத்து, 'இன்னுழை கதிரின் துன்அணுப் புரைய' என்கிறார். கூரைத் துளை வழியாக வீட்டுக்குள் விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அத்தனை அண்டங்களும் இறைவன் முன்னால் அப்படிச் சிறியவை. உலகையே உள்ளே வைத்திருந்த முட்டையை அவர் வெயில் கோட்டுத் தூசியாக்கிவிட்டார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அதற்கும் முந்தைய தமிழ், முட்டை இல்லாமலே தோற்றத்தைச் சொல்லியிருக்கிறது. பரிபாடலின் இரண்டாம் பாட்டு வானத்தில் தொடங்கி, 'உந்துவளி கிளர்ந்த ஊழூழ் ஊழியும் செந்தீச் சுடரிய ஊழியும்' என்று காற்றுக்கும் தீக்கும் போய், பிறகு மழைக்கும் வெள்ளத்துக்கும் வந்து, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த நிலம் வெளிப்படுவதில் முடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊழி. சங்கத் தமிழில் முட்டை சாதாரண முட்டைதான். புறநானூற்றில் எறும்புகள் மழைக்கு முன்னால் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆகவே தமிழில் எதைச் சொல்வது? முட்டை என்ற பொருளுக்கு அண்டம் வேண்டாம், முட்டை, கருமுட்டை, சினைமுட்டை என்ற நல்ல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. விண்வெளி அறிவியலில் பேரண்டம் பாடநூல் வரைக்கும் ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டுப் புடவி என்று நடுவதில் எனக்கு விருப்பமில்லை. மாணிக்கவாசகர் வாயில் ஏறிய சொல் நமக்கு அந்நியமில்லை. தொன்மக் கதைகளைப் பற்றி எழுதும்போதுதான் சிக்கல். சிலர் 'அண்ட முட்டை' என்று எழுதுகிறார்கள், அது முட்டை முட்டை என்று சொன்ன மாதிரி. அந்த இடத்தில் உலகமுட்டை என்று எழுதலாம். 'இல்மத்தாரின் முழங்காலிலிருந்து விழுந்து உடைந்தது உலகமுட்டை' என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.