4 சதவீத ரெப்போவும் 6 சதவீதப் பத்திரமும்

2020 மே மாதம் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கியது. அடுத்த இரண்டு வருடம் அது அங்கேயே நின்றது. அந்தக் காலத்தின் பெரும் பகுதியில் அரசின் பத்து வருடக் கடன் பத்திரம் 6 சதவீதத்தை ஒட்டியே விலைபோனது. குறுகிய காலத்துக்குப் பணம் 4 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது, அதே அரசுக்குப் பத்து வருடத்துக்குக் கொடுக்க மட்டும் ஏன் 6 கேட்கிறார்கள்? விடையின் பெரும் பகுதி ஒரே எண்ணத்தில் இருக்கிறது: வட்டி இப்போது எங்கே நின்றாலும், அதற்கென்று ஒரு நீண்டகால நிலை உண்டு, காலப்போக்கில் அதை நோக்கி நகரும்.

இதை 1977-இல் ஓல்ட்ரிச் வாசிசெக் என்ற கணித வல்லுநர் ஒரே வரியில் எழுதினார்:

dr = a(b − r)dt + σ dW

இதில் r இன்றைய குறுகிய கால வட்டி. dr என்பது dt என்ற சிறு நேரத்தில் அதில் வரும் மாற்றம். b நீண்டகால நிலை. a என்பது இழுக்கும் வேகம். கடைசியில் இருக்கும் σ dW தினசரிச் செய்திகளால் வரும் குலுக்கல். அது எந்தப் பக்கமும் போகலாம். முக்கியமான பகுதி (b − r). வட்டி b-க்குக் கீழே இருந்தால் இது கூட்டல், வட்டி மேலே தள்ளப்படும். மேலே இருந்தால் கழித்தல், கீழே இறங்கும். எவ்வளவு தூரம் விலகியிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இழுக்கும். டபராவில் ஊற்றிவைத்த காபி முதலில் மளமளவென்று ஆறி, அறையின் சூட்டை நெருங்க நெருங்க மெதுவாகுமே, அதே கணக்குதான்.

இந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? பங்கு விலைக்கு இப்படி ஒரு வீடு கிடையாது. நிறுவனம் வளர்ந்தால் விலை ஏறிக்கொண்டே போகலாம். வட்டி அப்படி இல்லை. அது ரொம்ப ஏறினால் வீடு வாங்குகிறவர் தள்ளிப்போடுவார், தொழில் நடத்துகிறவர் புது இயந்திரத்தை ஒத்திவைப்பார், தேவை குறைந்து விலைவாசி தணியும், ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும். ரொம்ப இறங்கினால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். 2016-இலிருந்து இந்தியாவில் பணவீக்கத்துக்கு 4 சதவீதம் என்று சட்டப்படி ஒரு இலக்கும் இருக்கிறது. அதற்கு மேல் சேமிப்பவருக்கு ஒன்றரை இரண்டு சதவீதம் உண்மையான வருமானம் வேண்டும் என்றால், b எந்த அளவில் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். b-ஐக் கொஞ்சம் தாராளமாக 6.5 என்றும், a = 0.35 என்றும் வைத்துக்கொள்வோம். தூரம் பாதியாகக் குறைய எடுக்கும் காலம் 0.693-ஐ a-ஆல் வகுத்தால் கிடைக்கும். இங்கே சுமார் 2 வருடம். 4 சதவீதத்தில் தொடங்கினால் தூரம் 2.5. இரண்டு வருடத்தில் அது 1.25 ஆகும், அதாவது எதிர்பார்க்கும் வட்டி 5.25. நாலு வருடத்தில் சுமார் 5.9. இது எதிர்பார்ப்பு மட்டுமே. உண்மைப் பாதை இதைச் சுற்றி ஆடும்.

பத்து வருடப் பத்திரத்தின் வட்டி, ஏறக்குறைய அந்தப் பத்து வருடத்தில் எதிர்பார்க்கும் குறுகிய கால வட்டிகளின் சராசரி. அந்தச் சராசரியில் இன்றைய விலகல் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு (1 − e^(−aT))/(aT) என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. T என்பது எத்தனை வருடம் என்ற எண். T = 10 என்று போட்டால் சுமார் 0.28. 2.5-இல் 0.28 பங்கு என்றால் 0.7. ஆக, சராசரி 6.5 − 0.7 = 5.8. 2020-இல் சந்தை கேட்ட 6-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். பத்திரம் வாங்கியவர்கள் 4 சதவீதம் நிலைக்காது என்பதை அப்போதே விலையில் சேர்த்திருந்தார்கள்.

அதே சமயத்தில் சென்னையில் மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ ஃபிளாட் வாங்கியவருக்குக் கிடைத்த கணக்கு வேறு. 2021 நடுவில் 50 லட்சம் கடன், 20 வருடம், ரெப்போவுக்கு மேல் 2.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 6.75, மாதத் தவணை சுமார் 38,000 ரூபாய். விளம்பரத்தில் இருந்த எண் அதுதான். ஆனால் இருபது வருடத்துக்கு மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டால் இன்றைய விலகலில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரெப்போவின் எதிர்பார்ப்புச் சராசரி 6.1-க்கு மேல் போய்விடும். அவர் வாங்கிய கடன் உண்மையில் 9-ஐ ஒட்டிய கடன். வங்கிக் கிளையில் இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வாசிசெக் மாதிரியின் மென்மையான வளைகோட்டைப் போல வட்டி ஏறவும் இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், ஒன்பதே மாதத்தில், ரெப்போ 6.5-க்கு வந்தது. தவணையை மாற்றாமல் விட்டிருந்தால் அப்போது பாக்கி சுமார் 48.5 லட்சம், அதற்கு 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 37,400. கட்டுகிற 38,000-இல் அசலுக்குப் போவது அறுநூறு ரூபாய் சொச்சம். எங்கே போய்ச் சேரும் என்பதை மாதிரி ஓரளவு சொல்லும். எந்த மாதம் என்று சொல்லாது.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம்: நான் போட்ட அந்த 0.35-ஐ எவ்வளவு நம்பலாம்? வழக்கமான வழி, வட்டியின் மாற்றத்தை அதன் அளவோடு பொருத்திப் பார்ப்பது. வட்டி உயரமாக இருந்த நாட்களுக்குப் பிறகு அது இறங்கியிருந்தால் இழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து a கிடைக்கும். இருபது வருடத் தினசரித் தரவு என்றால் சுமார் 5,000 புள்ளிகள், தாராளம் என்று தோன்றும். ஆனால் a-ஐப் பொறுத்தவரை புள்ளிகளின் எண்ணிக்கை உதவாது. எத்தனை வருடம் என்பதுதான் கணக்கு. இருபது வருடத்தில் வட்டி தன் சராசரியைக் கடந்து திரும்புவது சில தடவைதான்.

இதைக் கணினியில் யாரும் சோதிக்கலாம். இழுப்பே இல்லாத, அதாவது a = 0 என்ற வட்டியை இருபது வருடத்துக்குச் செயற்கையாக உருவாக்கி, அதே பொருத்தலைச் செய்யுங்கள். ஆயிரம் முறை செய்து சராசரி எடுத்தால், பூஜ்யத்துக்குப் பதில் 0.25-ஐத் தாண்டிய எண் வரும். தாறுமாறாக நடக்கும் எந்தக் கோட்டுக்கும் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு சராசரி இருக்கும். அதன் இரு பக்கமும் போய்வந்த மாதிரி தெரியும். ஆகவே உண்மைத் தரவில் 0.35 வந்தால் அது மட்டும் சாட்சியாகாது. இருபது வருடத் தரவுக்கு 0.7-க்குப் பக்கத்தில் வந்தால்தான் சந்தேகம் தீரும்.

அதனால் இந்த வேலையில் இருப்பவர்கள் பத்திர விலைகளையும் பார்க்கிறார்கள். குறுகிய கால வட்டி அசையும்போது நீண்ட கால வட்டி எவ்வளவு அசைகிறது என்பதில் a ஒளிந்திருக்கிறது. நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ரெப்போ 4-இல் நின்ற 2021-க்கும் 6.5-க்கு வந்த 2023-க்கும் இடையில் பத்து வருடப் பத்திரம் 6-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 7.3-ஐ ஒட்டிய இடத்துக்கு வந்தது. இரண்டரைக்குச் சுமார் ஒன்றேகால், அதாவது பாதி. சூத்திரம் 0.5 கொடுக்க a 0.16 ஆக இருக்க வேண்டும். தூரம் பாதியாக நாலு வருடத்துக்கும் மேல் ஆகும். நான் வைத்துக்கொண்ட வேகத்தில் பாதிகூட இல்லை.

இந்த 0.16-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2020, 2021-இல் ரிசர்வ் வங்கி பத்திரங்களை வாங்கி நீண்ட கால வட்டியை அமுக்கி வைத்திருந்தது. அந்தப் பிடி தளர்ந்ததும் ஏற்றத்தில் சேர்ந்திருக்கிறது. 2023-இல் ரெப்போ 6.5-இல் நின்றபோதும் பத்திரம் 7.3 கேட்டதற்கு, நீண்ட காலம் பணத்தை முடக்குவதற்கான கூலியும் ஒரு காரணம், b-யே 6.5-க்கு மேல் இருக்கலாம் என்பது இன்னொன்று. ஒரே ஒரு பத்திரத்தின் விலையிலிருந்து இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. இரண்டு, ஐந்து, பத்து, முப்பது வருடப் பத்திரங்களை ஒன்றாக வைத்துத்தான் பிரிக்கத் தொடங்க முடியும்.